நான்கு எண்களும் ஓர் எண்ணும்

திருவிடந்தையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு மாலை வேளைகளில் ஆங்கிலம் பேசிப் பழகுவதற்கென்று சிலர் வருவதுண்டு. கல்லூரியில் முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற செய்தி ஊரில் பரவியதன் விளைவு அது. நான் எந்தத் தேர்வுக்கும் தேர்வாளனாக இருந்தவன் அல்லன். ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வை நடத்துபவர்கள் பொதுமக்கள் பார்வைக்கென வெளியிட்டிருக்கும் மதிப்பீட்டு அட்டவணையைப் பலமுறை படித்தவன், அவ்வளவே. அந்தத் தகுதியை மட்டும் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

அப்படி வருபவர்களில் ஒருவர் செவிலியர். இரவுப் பணி முடித்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்து பிடித்து வந்து, சற்றுத் தூங்கி எழுந்து, மாலை ஐந்து மணிக்கு வந்துவிடுவார். இங்கிலாந்தில் செவிலியராகப் பதிவு செய்துகொள்ள அந்நாட்டுச் செவிலியர் மன்றம் இந்தத் தேர்வில் கேட்பது வாசித்தல், கேட்டல், பேசுதல் ஒவ்வொன்றிலும் 7. எழுதுவதில் மட்டும் 2018ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 6.5 போதும் என்று தளர்த்தினார்கள். இவருக்கு மற்ற மூன்றும் வந்துவிட்டன. பேச்சில் மூன்று முறை எழுதியும் மூன்று முறையும் 6.5. ஒவ்வொரு முறையும் கட்டணம் மாதச் சம்பளத்தின் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது.

அவர் என்னிடம் முதலில் கேட்டது பயிற்சியே அல்ல. சான்றிதழை நீட்டி, "சார், எதுல குறைஞ்சுதுன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். அதை நானே சரி பண்ணிக்குவேன்" என்றார். சான்றிதழை மேலும் கீழும் பார்த்தேன். பேசுதல் என்பதற்கு எதிரே 6.5 என்று இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

இந்தக் கட்டுரை அந்த ஒற்றை எண்ணைப் பற்றியது. அது உருவாகும்போது நான்கு எண்களாக உருவாகிறது. வெளியே வரும்போது ஒன்றாகி வருகிறது. அந்த நான்கையும் தேர்வு எழுதியவரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்வதற்கு முன், நான்கும் எப்படிப் பிறக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

பேச்சுத் தேர்வு பதினொன்றிலிருந்து பதினான்கு நிமிடம் நடப்பது. எதிரே ஒரே ஒரு தேர்வாளர். உரையாடல் முழுவதும் பதிவாகிறது. முதல் நான்கைந்து நிமிடம் வீடு, வேலை, ஊர் என்று பழகிய விஷயங்கள். பிறகு ஓர் அட்டையைக் கொடுப்பார்கள். அதில் ஒரு தலைப்பு இருக்கும். ஒரு நிமிடம் யோசித்துக் குறித்துக்கொள்ளலாம். பின் இரண்டு நிமிடம் வரை இடையூறின்றிப் பேச வேண்டும். கடைசி நான்கைந்து நிமிடம் அந்தத் தலைப்பையொட்டிய பொதுவான விவாதம். இத்தனையையும் கேட்டு அத்தேர்வாளர் நான்கு தனித்தனி மதிப்பெண்கள் இடுகிறார், ஒவ்வொன்றும் ஒன்பதுக்கு. சரளமும் கோவையும் முதலாவது. சொல்வளம் இரண்டாவது. இலக்கணத்தின் வீச்சும் துல்லியமும் மூன்றாவது. உச்சரிப்பு நான்காவது. நான்குக்கும் சம எடை. அவற்றின் சராசரிதான் சான்றிதழில் காணும் எண்.

நம்மவர்கள் இந்த நான்கையும் கேள்விப்படாதவர்கள் அல்லர். ஆனால் அட்டவணை எதைச் சரளம் என்கிறது என்பதைப் படித்தவர்கள் குறைவு. நம் ஊரில் சரளம் என்றால் வேகம். நிறுத்தாமல் பேசுபவன் நன்றாகப் பேசுபவன். அட்டவணையோ வேகத்தைப் பிரதானமாக வைக்கவில்லை. தயக்கத்தின் காரணத்தைக் கேட்கிறது. ஒருவர் பேச்சின் நடுவே நிற்கிறார். எதைச் சொல்வது என்று யோசிக்க நிற்கிறாரா, எந்தச் சொல்லால் சொல்வது என்று தேட நிற்கிறாரா? முதல் வகைத் தயக்கம் எட்டாம் நிலையில் இருப்பவருக்கும் அனுமதிக்கப்பட்டது. தாய்மொழியில் பேசும்போதும் நாம் அப்படித்தான் நிற்கிறோம். இரண்டாம் வகைதான் மதிப்பெண்ணைக் குறைப்பது. இரண்டையும் காதால் பிரித்துவிட முடியும். யோசிப்பவர் பெரும்பாலும் வாக்கியம் முடிந்த இடத்தில் நிற்பார். சொல்லைத் தேடுபவர் வாக்கியத்தின் வயிற்றில் நிற்பார்.

இலக்கணத்தில் வீச்சையும் துல்லியத்தையும் ஒரே கட்டத்தில் வைத்திருப்பதற்கும் காரணம் இருக்கிறது. அவை ஒன்றையொன்று இழுப்பவை. பிழை வரக்கூடாது என்று அஞ்சுபவர் சின்னச் சின்ன வாக்கியங்களாகப் பேசிப் பிழையின்றி முடிப்பார், வீச்சு போய்விடும். துணிந்து நிபந்தனை வாக்கியத்தையும் இணைப்பு வாக்கியத்தையும் எடுப்பவர் நடுவில் சறுக்குவார், துல்லியம் போய்விடும். ஆறாம் நிலை என்பது எளிய வாக்கியங்களும் சிக்கலான வாக்கியங்களும் கலந்து, சிக்கலானவற்றில் அடிக்கடி பிழை வருவது. ஏழாம் நிலையில் சிக்கலான வாக்கியங்கள் இயல்பாக வளைந்து வருகின்றன. பிழையற்ற வாக்கியங்கள் அடிக்கடி வருகின்றன. சில பிழைகள் மட்டும் விடாமல் தொடர்கின்றன. இடையில் உள்ள தூரம் கேட்பதற்குச் சிறியது, கடப்பதற்குப் பெரியது.

இனி அந்தச் செவிலியரின் இரண்டு மாலைகளுக்கு வருகிறேன்.

முதல் மாலை ஓர் அட்டை எழுதிக் கொடுத்தேன்: உங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு பழைய கட்டடத்தைப் பற்றிப் பேசுங்கள். இப்படியொரு தலைப்பு வரக்கூடும் என்று அவர் ஏற்கனவே தயார் செய்து வைத்திருந்தார். இந்த ஊரில் வேறெதைப் பேசுவார்? நித்திய கல்யாணப் பெருமாள் கோயிலைப் பற்றித்தான். வராக வடிவில் வந்து, முனிவரின் 360 பெண்களையும் நாளுக்கு ஒருவராக மணந்து, கடைசி நாளில் அனைவரையும் ஒருத்தியாக்கி இடப்பக்கம் வைத்துக்கொண்டார் என்பது தலபுராணம். திருமகளை இடப்பக்கம் கொண்ட எந்தை என்பதால் திருவிடவெந்தை. அது மருவித் திருவிடந்தை. திருமணம் கூடாதவர்கள் மாலை சாற்றி, திருப்பித் தரப்படும் மாலையை அணிந்து பிராகாரத்தை ஒன்பது முறை சுற்றி, அதை வீட்டில் பத்திரப்படுத்துவார்கள். மணம் முடிந்தபின் தம்பதியாக வந்து அந்தப் பழைய மாலையைச் சேர்ப்பிப்பார்கள்.

இதை அவர் முதல் மாலை சொன்னபோது கைபேசியில் பதிவு செய்துகொண்டேன். பெரிய வாக்கியங்கள் இருந்தன. முன்பே யோசித்துக் கட்டியவை என்பதால் முறியாமல் வந்தன. ஒவ்வொரு சொல்லின் அழுத்தத்தையும் காணொலிகள் பார்த்துச் சரிசெய்திருந்தார். ஆனால் ஒரு வாக்கியத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் வழி தெரியவில்லை. 'மோரோவர்' என்றும் 'ஃபர்தர்மோர்' என்றும் சொல்லிவிட்டு, எதை எதனோடு சேர்க்கிறோம் என்பதை மறந்து, தயாரித்த சொல்லைத் தேடி வாக்கியத்தின் நடுவில் நின்றார். மாலைகள் நிறைய இருக்கும் என்பதற்கு 'பிளெத்தோரா' என்ற சொல்லைக் கொண்டு வந்தார். பயிற்சி மையத்தில் அதைச் சொன்னால் மதிப்பெண் கூடும் என்றார்களாம். அந்த இடத்தில் அது பட்டுப்புடவைக்கு மேல் கட்டிய கழுத்துப்பட்டை போல இருந்தது. சரளத்துக்கு 6, சொல்வளத்துக்கு 6, இலக்கணத்துக்கு 7, உச்சரிப்புக்கு 7 என்று குறித்துக்கொண்டேன்.

இரண்டாம் மாலை அதே அட்டையைக் கொடுத்து, தயாரித்ததில் ஒரு வரியும் வேண்டாம் என்றேன். வீட்டில் வைத்த மாலை என்னவாகிறது என்று மட்டும் கேட்டேன். முதலில் திகைத்தார். பிறகு தன் அக்காவின் மாலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பூஜையறையில் ஆணியில் தொங்கி, பூ உதிர்ந்து, நார் மட்டும் மிஞ்சி, அம்மா அதை மஞ்சள் துணியில் முடிந்து வைத்த கதை. ஒரு முறை மாப்பிள்ளை வீட்டார் வந்து போனபின் அக்காவே அதை எடுத்து எறியப் போன கதை. பிராகாரம் என்பதற்கு ஆங்கிலச் சொல் கிடைக்கவில்லை. சற்றும் தடுமாறாமல், சந்நிதியைச் சுற்றி நடப்பதற்கென்று மதிலுக்குள் விட்டிருக்கும் திறந்த பாதை என்று விளக்கிவிட்டுப் போனார். தெரியாத சொல்லைச் சுற்றிக்கொண்டு போகும் இந்தத் திறமைக்கு அட்டவணையின் சொல்வளக் கட்டத்தில் வெளிப்படையாகவே இடம் உண்டு. நின்ற இடங்களெல்லாம் வாக்கியத்தின் முடிவுகள். அக்காவின் முகத்தை நினைத்துக்கொண்டு நின்றார். சொல்லைத் தேடி அல்ல.

ஆனால் தயாரிப்பின் காவல் போனதும் இலக்கணம் நெகிழ்ந்தது. காலங்கள் கலந்தன. நடக்காமல் போனதைச் சொல்லும் நிபந்தனை வாக்கியத்தில் முன்பாதி சரியாக வந்து பின்பாதி நிகழ்காலத்துக்குத் தாவியது. அங்கேயே, அன்றைக்கே என்று தமிழில் ஏகாரத்தால் நாம் கொடுக்கும் அழுத்தத்தை 'தேர் இட்செல்ஃப்' என்றும் 'தட் டே ஒன்லி' என்றும் பெயர்த்தார். உச்சரிப்பும் ஊருக்குத் திரும்பிவிட்டது. சரளத்துக்கு 7, சொல்வளத்துக்கு 7, இலக்கணத்துக்கு 6, உச்சரிப்புக்கு 6.

கூட்டிப் பாருங்கள். முதல் மாலையும் 26. இரண்டாம் மாலையும் 26. நான்கால் வகுத்தால் இரண்டும் 6.5.

என் காது ஒரே காது. அதன் கணக்கில் அரை எண் முன்பின் இருக்கலாம். ஆனால் சொல்ல வருவது அதனால் மாறாது. இந்த இரண்டு 6.5களுக்கும் வைத்தியம் நேர் எதிரானது. முதலாமவருக்குச் சொல்ல வேண்டியது: தயாரிப்பதை நிறுத்துங்கள், கதை சொல்லுங்கள். இரண்டாமவருக்குச் சொல்ல வேண்டியது: கதை போதும், காலங்களையும் சொல்லழுத்தத்தையும் கவனியுங்கள். சான்றிதழைப் பார்த்து இரண்டில் எது தனக்கு நேர்ந்தது என்று அறிய வழியில்லை. மூன்று முறை எழுதிய இவர் முதல் முறைக்குப் பின் வேகத்தைக் கூட்டினார், இரண்டாம் முறைக்குப் பின் பெரிய சொற்களைச் சேர்த்தார், மூன்றாம் முறைக்குப் பின் வெளிநாட்டு நாக்கைப் பழகத் தொடங்கினார். இருட்டில் மருந்துப் புட்டிகளைத் தடவுவது போலத்தான். ஒரு செவிலியரிடம் இந்த உவமையைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

அந்த வெளிநாட்டு நாக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பயிற்சி வணிகம் அதிகமாக விற்பதும், அட்டவணை குறைவாகக் கேட்பதும் அதுவே. எட்டாம் நிலைக்கு உச்சரிப்பு அட்டவணை வைக்கும் நிபந்தனை, தாய்மொழியின் சாயல் புரிதலை மிகக் குறைவாகவே பாதிக்க வேண்டும் என்பது. சாயல் இருக்கக்கூடாது என்பது அல்ல. கனடாவில் மன்றோ, டெர்விங் என்ற இருவர் 1995இல் வெளியிட்ட ஆய்வு இந்த வேறுபாட்டுக்கு ஆதாரமாக அடிக்கடி சுட்டப்படுவது. சீன மொழியினரின் ஆங்கிலத்தை ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் செவிகளுக்குக் கொடுத்து, கேட்டதை எழுதச் சொன்னார்கள்; சாயல் எவ்வளவு என்றும் மதிப்பிடச் சொன்னார்கள். சாயல் மிக அதிகம் என்று குறித்த பேச்சையே அவர்கள் பல இடங்களில் ஒரு சொல் பிசகாமல் எழுதியிருந்தார்கள். அந்நியமாக ஒலிப்பது வேறு, புரியாமல் போவது வேறு.

தமிழரின் ஆங்கிலத்தில் எது சாயல், எது தடை? நம்மிடம் குறில் நெடில் உண்டு. கப்பலையும் ஆட்டையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை, 'ஷிப்' என்றும் 'ஷீப்' என்றும், நாம் குழப்புவதில்லை. வேறு பல மொழியினர் குழப்புகிறார்கள். நன்றி சொல்லும் ஆங்கிலச் சொல்லின் முதல் ஒலியை நாம் நம் தகரத்தால் சொல்வது வெறும் சாயல். யாருக்கும் புரியாமல் போவதில்லை. ஆனால் இரண்டு விஷயங்கள் தடையாகின்றன. ஒன்று, குற்றியலுகரம். மெய்யில் முடியும் ஆங்கிலச் சொல்லின் இறுதியில் நம் நாக்கு ஓர் உகரத்தை வைத்து இளைப்பாறுகிறது. 'ஹஸ்பெண்டு', 'டெம்பிளு' என்று சொல்லுக்கு ஓர் அசை கூடிவிடுகிறது. கேட்பவர் சொற்களின் எல்லையைத் தவறவிடுகிறார். இரண்டாவதுதான் பெரியது. தமிழ்ச் சொல்லில் எந்த அசையை அழுத்தினாலும் பொருள் மாறாது. ஆங்கிலக் காது அழுத்தப்பட்ட அசையைப் பிடித்துக்கொண்டுதான் சொல்லையே கண்டுபிடிக்கிறது. ஊர்வலத்தைக் குறிக்கும் 'ப்ரொசெஷன்' என்ற சொல்லில் நடு அசையை அழுத்த வேண்டும். செவிலியர் இரண்டாம் மாலை முதல் அசையை அழுத்தியபோது, பழகிய எனக்கே ஒரு கணம் பிடிபடவில்லை. இந்திய ஆங்கிலம் பிறருக்கு எவ்வளவு புரிகிறது என்பதை ஆராய்ந்த ஆர்.கே.பன்சல், 1969இல் ஹைதராபாத்திலிருந்து வெளியான நூலில், புரியாமைக்குச் சொல்லழுத்தப் பிசகை முக்கியக் காரணங்களில் ஒன்றாகக் காட்டியிருக்கிறார். அரை நூற்றாண்டு கடந்த பின்னும் நம் பயிற்சி மையங்கள் சுழல விடும் நாக்கையே கற்றுத் தருகின்றன.

இலக்கணத்தில் இந்த நியாயம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உச்சரிப்பில் தாய்மொழிச் சாயலை வெளிப்படையாக ஏற்கும் அட்டவணை, இலக்கணத்தின் உச்ச நிலையை வரையறுக்கும்போது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் பேச்சில் இயல்பாக நேரும் சறுக்கல்களை மட்டும் மன்னிக்கிறது. 'தேர் இட்செல்ஃப்' என்று கோடிக்கணக்கான இந்தியர் ஒரே விதமாகச் சொல்வது பிழையா வழக்கா என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. எதிரே அமர்ந்திருப்பவரின் காதுதான் அதை முடிவு செய்கிறது.

அட்டவணைகளும் எடைகளும் வானத்திலிருந்து இறங்கியவை அல்ல என்பதற்கு இரண்டு உதாரணங்கள். 1950களில் அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம் தன் அலுவலர்களின் அந்நிய மொழிப் பேச்சை மதிப்பிட ஒரு முறை வகுத்தது. இன்றைய அட்டவணைகளுக்கெல்லாம் அது ஒரு மூதாதை. பின்னர் அதற்குக் கணக்கிட்ட எடைகளில், மொத்தம் 99இல் இலக்கணத்துக்கு 36 வரை போகலாம். உச்சரிப்புச் சாயலுக்கு உச்சமே 4. இன்று நாம் பேசும் தேர்விலோ உச்சரிப்புக்குக் கால் பங்கு. இரண்டில் எது சரி என்பது என் வாதம் அல்ல. எடை என்பது மனிதர் கூடி எடுத்த முடிவு. முடிவெடுத்தால் மாற்றவும் முடியும்.

மாற்றியும் இருக்கிறார்கள். 2001இலிருந்து 2008 வரை ஐ.இ.எல்.டி.எஸ். உச்சரிப்புக்கு 2, 4, 6, 8 என்ற நான்கு படிகள் மட்டுமே வைத்திருந்தது. மற்ற மூன்றிலும் 7 வாங்கியவர் உச்சரிப்பில் ஏழுக்கு உரியவராக இருந்தாலும் ஏழு என்ற படியே கிடையாது. தேர்வாளர் அவரை ஆறுக்குத் தள்ள வேண்டும், அல்லது எட்டுக்கு ஏற்ற வேண்டும். ஒரு தள்ளலில் சராசரி ஏழுக்குக் கீழே போகும், ஓர் ஏற்றத்தில் மேலே போகும். 2008இல் ஒன்பது படிகளையும் திறந்தார்கள். ஆனால் அப்போதும் ஏழாம் படிக்குத் தனி வருணனை எழுதவில்லை. ஆறின் நல்ல இயல்புகள் அனைத்தும், எட்டின் இயல்புகளில் சிலவும் இருந்தால் ஏழு என்றார்கள். ஓர் ஆயுளின் திசையை முடிவு செய்யும் படிக்கு அண்டை வீட்டு முகவரிதான் இருக்கிறது.

நான்கு எண்களையும் வெளியிடக் கூடாது என்போருக்கு ஒரு வலுவான வாதம் உண்டு. அதைத் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. ஒரே காது, ஒரே பதினான்கு நிமிடத்தில், நான்கையும் தனித்தனியாகக் கேட்பது கடினம். நன்றாகத் தொடர்ந்து பேசுபவரின் இலக்கணமும் நன்றாக இருப்பதாகவே தோன்றும். ஒன்றின் ஒளி மற்றொன்றில் படியும். எதிரே இருப்பவர் கேட்கும் விதமும் பேச்சை மாற்றும். ஆனி பிரவுன் என்ற ஆய்வாளர் 2003இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரே பெண்ணை இருவர் தனித்தனியே நேர்காணல் செய்ததை ஆராய்ந்தார். ஒருவர் தலைப்பை விரித்து, தெளிவாகக் கேட்டு, அவளைப் பேச வைத்தார். மற்றவர் பொதுவாக எதையோ சொல்லிவிட்டு மௌனமாகக் காத்திருந்தார். அது கேள்வி என்றே அவளுக்குப் புரியவில்லை. பதிவுகளைக் கேட்ட மதிப்பீட்டாளர்களுக்கு முதல் நேர்காணலில் அவள் திறமைசாலி, இரண்டாவதில் ஒத்துழைக்காதவள். 2001இல் தேர்வாளரின் கேள்விகளை எழுத்தில் வரையறுத்த சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவத்தில் நடந்த நேர்காணல்கள் அவை. அந்தச் சீர்திருத்தத்துக்குப் பிறகும், சராசரியைவிட அதன் உட்கூறுகள் ஒவ்வொன்றும் உறுதி குறைந்தவை என்பது உண்மை. உறுதி குறைந்த எண்ணை வெளியே கொடுத்தால் மக்கள் அதை வேதமாக்கிவிடுவார்கள் என்பது அவர்கள் அச்சம்.

என் பதில் இது. உறுதி குறைந்த நான்கு எண்களைக் கூட்டித்தான் அந்த உறுதியான எண்ணைச் செய்கிறார்கள். அதைக் கொண்டு ஒருவரை நிறுத்தி வைக்கும் அளவுக்கு நம்பிக்கை இருக்கிறதென்றால், எங்கே நிறுத்தினோம் என்று சொல்லும் அளவுக்கும் இருக்க வேண்டும். எண்ணாகத் தர அஞ்சினால் எண்ணாக வேண்டாம். நான்கில் மிகக் கீழே இருந்தது எது என்று ஒரு வரி போதும். மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனைக்குப் பின் 'உடல்நிலை 6.5' என்று மட்டும் ஒரு தாளைக் கொடுத்தால் யாரும் ஏற்க மாட்டார்கள். மறுமதிப்பீடு கேட்கும் வழி இருக்கிறது. பணம் கட்டினால் மூத்த தேர்வாளர் ஒருவர் பதிவை மீண்டும் கேட்பார். மாறினால் புதிய எண், மாறாவிட்டால் பழைய எண். அதிலும் காரணம் கிடையாது.

இந்த மௌனத்தில்தான் வதந்திகள் விளைகின்றன. வேகமாகப் பேசு, கடின சொல் போடு, நாக்கைச் சுழற்று என்ற மூன்று கட்டளைகளும் எங்கள் பக்கத்துச் சுவர்களில் விளம்பரமாகவே இருக்கின்றன. மூன்றும் அட்டவணைக்கு எதிரானவை. அட்டவணை இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கிறது என்பார்கள். சட்டப் புத்தகம் கடையில் கிடைக்கிறது என்பதால், எந்தப் பிரிவில் தண்டித்தோம் என்று சொல்லாமல் தீர்ப்பளிக்க முடியுமா?

செவிலியரிடம் இரண்டு பதிவுகளையும் போட்டுக் காட்டினேன். முதலாவதை ஒரு நிமிடத்துக்கு மேல் அவரால் கேட்க முடியவில்லை. இரண்டாவதை முழுக்கக் கேட்டார். முடிந்ததும், "இதுல நான் நல்லாப் பேசறேன் சார். ஆனா தப்பு நிறைய" என்றார். மதிப்பீடு என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. இப்போது அந்தப் பதிவை வைத்துக்கொண்டு காலப் பிழைகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதுகிறார். நாளுக்குப் பத்துச் சொற்களின் அழுத்தத்தைச் சரிபார்க்கிறார். அக்காவின் கதையில் கை வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான்காம் முறை என்ன வரும் என்று தெரியாது. வரும் தாளில் மீண்டும் ஓர் எண்தான் இருக்கும்.